அந்த ஓணானை நான்கு தடவை பார்த்தோம்

65 அங்குல டிவியைச் சுவரில் மாட்டிய அன்று இரவு நான் முதலில் போட்டது கழுகுகள் பற்றிய ஓர் ஆவணப்படம். கழுகு சிறகை விரித்தது. இறகின் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, பேனாவால் வரைந்த மாதிரி. கேமரா காட்டின் மேல் பறந்தபோது கீழே மரங்கள் திக்கித் திக்கி நகர்ந்தன. பழைய 32 அங்குல டிவியில் இதே படத்தை வாயைப் பிளந்து பார்த்தவன் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "இதுக்காடா இவ்வளவு பெருசா வாங்கினே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குறை படத்திலா, டிவியிலா, நடுவில் வரும் இணையத்திலா? நான்கு வருடம் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைத்தவன் என்பதால் இதை அப்படியே விடவும் மனம் வரவில்லை. அடுத்த சில வாரங்கள் இதே வேலையாக இருந்தேன். "பெரிய டிவியில் பார்க்க நல்ல வனவிலங்குத் தொடர் எது?" என்று இப்போது யாராவது கேட்டால் நான் பட்டியல் கொடுப்பதில்லை. அந்தத் தொடரிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்து நான்கு தடவை பாருங்கள் என்கிறேன். அரை மணி நேரம் போதும். ஐம்பது நிமிட அத்தியாயங்கள் ஏழெட்டு உள்ள ஒரு தொடரில் உட்காரலாமா வேண்டாமா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

நான் அளவுகோலாக வைத்திருக்கும் காட்சி, பிபிசி 2016இல் வெளியிட்ட 'பிளானட் எர்த் 2' தொடரின் முதல் அத்தியாயத்தில் வருகிறது. கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் பெர்னாண்டினா என்று ஒரு தீவு. கடல் இகுவானா என்ற ஓணான் வகையின் குஞ்சுகள் மணலுக்குள் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. கடலோரப் பாறைகளில் பெரிய இகுவானாக்கள் இருக்கின்றன, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்தன. நடுவில் திறந்த மணல்வெளி. அதன் ஓரத்துப் பாறை இடுக்குகளில் பாம்புகள் காத்திருக்கின்றன. ஒரு குஞ்சு ஓடுகிறது, பாம்புகள் கூட்டமாகத் துரத்துகின்றன. பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்த காட்சி என்பதும் ஒரு வசதிதான். முடிவு தெரிந்தால் பரபரப்பு போய்விடும், கண் மற்றதைக் கவனிக்கும்.

முதல் தடவை, டிவியைப் பார்க்க.

படத்தை எடை போடும் முன் தராசைச் சரி பார்க்க வேண்டும். டிவி பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் கடைவெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்கான அமைப்பிலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும். என்னுடையது Vivid என்ற நிலையில் இருந்தது. கழுகின் இறகைச் சுற்றிய வெள்ளைக் கோடு அதனால் வந்ததுதான். Sharpness என்பதைக் கூட்டினால் டிவி புதிதாக நுணுக்கம் எதையும் கண்டுபிடித்துவிடாது. இருக்கும் விளிம்புகளின் இரண்டு பக்கமும் ஒரு வெளிச்சக் கோடும் ஒரு இருட்டுக் கோடும் போட்டுக் கூர்மை மாதிரி காட்டும். சிறிய திரையில் அது கூர்மையாகவே தோன்றும். 65 அங்குலத்தில் ஒவ்வொரு இறகுக்கும் கம்பி கட்டியது போலாகிவிடும். படத்தின் புள்ளிக்குறையை நீக்கும் Noise Reduction என்ற அமைப்பு இதற்கு நேர் எதிர்: ரோமத்தின் நுணுக்கத்தைப் புள்ளிக்குறை என்று நினைத்து வழித்துவிடும். சிங்கம் மெழுகில் செய்த மாதிரி தெரிந்தால் அதுதான் காரணம். Filmmaker Mode இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் சினிமா என்று வரும் நிலை. இரண்டு குறையும் பெருமளவு அடங்கிவிடும்.

திக்கித் திக்கி நகர்ந்த மரங்கள் வேறு கதை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. பிபிசி தொடர்கள் பலவும் நொடிக்கு 25 சட்டகம், அதாவது 25 தனிப்படம், என்ற கணக்கில் எடுக்கப்பட்டவை. நான் டிவியில் செருகியிருந்த ஸ்ட்ரீமிங் குச்சியோ எதைக் கொடுத்தாலும் நொடிக்கு 60 என்றுதான் டிவிக்கு அனுப்பும். 25ஐ 60க்குள் சமமாகப் பங்கிட முடியாது. சில சட்டகங்களை இரண்டு தடவையும் சிலவற்றை மூன்று தடவையும் காட்டி ஒப்பேற்றுகிறது. நிற்கும் யானையில் இது தெரியாது. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காடு சீராக நகர வேண்டிய இடத்தில் நொண்டும். குச்சியின் அமைப்பில் Match Frame Rate மாதிரி ஒன்று இருந்தது, அது அணைந்து கிடந்தது. போட்டேன். மரங்கள் நொண்டுவதை நிறுத்தின.

நொண்டுகிறதே என்று டிவியின் 'மோஷன்' அமைப்பைக் கூட்டினால் அது இன்னொரு வம்பு. இரண்டு சட்டகங்களுக்கு நடுவில் இல்லாத ஒன்றை டிவி தானாக இட்டுக்கட்டுகிறது. ஓடும் மானின் கால்களுக்குப் பின்னால் புல் கிழிந்து ஒட்டுவதைப் பார்த்திருந்தால் அதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மானின் கால் எது, புல் எது என்று அந்த இட்டுக்கட்டலுக்குத் தெரியாது. நான் முழுதாக அணைத்துவிட்டேன்.

அமைப்பெல்லாம் சரியான பிறகும் வேகமான பக்கவாட்டு நகர்வு கொஞ்சம் அதிரத்தான் செய்யும். அது எடுத்த விதத்தில் உள்ளது. திரையின் ஒரு முனையில் நுழையும் பொருள் மறு முனைக்குப் போக ஏழு நொடியாவது ஆகட்டும் என்று ஒளிப்பதிவாளர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. பெரிய திரையில்தான் அதன் அருமை தெரியும். நல்ல தொடர்களில் கேமரா ஒன்று மெல்ல நகரும், அல்லது விலங்கோடு சேர்ந்தே ஓடும். விலங்கோடு ஓடும்போது பின்னணிதான் அதிரும், கண் அதைப் பொருட்படுத்தாது.

உட்காரும் தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். 65 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 144 சென்டிமீட்டர். சாதாரணக் கண் பார்வைக்கு, இரண்டரை மீட்டரைத் தாண்டி உட்கார்ந்தால் 4கே படத்துக்கும் பழைய முழு எச்டி படத்துக்கும் நுணுக்கத்தில் வித்தியாசம் தெரியாது. எங்கள் சோபா மூன்றரை மீட்டரில் இருந்தது. முன்னால் இழுத்தோம். அக்கா அதற்கும் ஏதோ சொன்னாள்.

இரண்டாம் தடவை, கேமராவைப் பார்க்க.

இப்போது தெரியும் குறைகள் டிவியுடையவை அல்ல. ஆனால் இணையம் நடுவில் நிற்கிறது, அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் 4கே என்பது நொடிக்குச் சுமார் 15 மெகாபிட்டை ஒட்டி வருகிறது. 4கே புளூரே வட்டு 128 வரை போகலாம். இணையத்தில் அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்கும் முறை, முந்தைய சட்டகத்தின் துண்டுகளை அங்கே இங்கே நகர்த்தி அடுத்த சட்டகத்தைச் செய்யப் பார்க்கும். நின்று பேசும் மனிதனுக்கு அது போதும். பனிப்பொழிவு, அலைநுரை, மீன்கூட்டம், காற்றில் ஆடும் புல் ஆகியவற்றில் ஒவ்வொரு துணுக்கும் தன் போக்கில் போகிறது, நகர்த்திச் செய்ய எதுவுமில்லை. வனவிலங்குப் படத்தில் பாதி இதுதான். ஆகவே புல் நிற்கும்போது தெளிவாகவும் ஆடும்போது கூழாகவும் தெரிந்தால் ஒளிப்பதிவாளரைத் திட்டாதீர்கள். ஆழ்கடல் நீலத்தில் படிக்கட்டுப் போல வரிகள் தெரிந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே நிறத்தின் படிகள் குறைந்துவிட்டன. படம் தொடங்கிய முதல் அரை நிமிடத்தை வைத்தும் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அதுவரை குறைந்த தரம்தான் வந்துகொண்டிருக்கும்.

இதையெல்லாம் கழித்த பிறகு கண்ணைப் பாருங்கள். விலங்கின் கண்ணைச் சொல்கிறேன். நீண்ட லென்ஸில் குவியம் பிடிபடும் ஆழம் மிகக் குறைவு. மூக்கு கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் அந்த ஷாட் தவறிய ஷாட். சிறிய திரையில் தப்பிவிடும். பெரிய திரையில் சிறுத்தையின் முகம் ஒரு முழத்துக்கு விரியும்போது அதை மறைக்க முடியாது. நல்ல தொடர் அப்படிப்பட்ட ஷாட்டைத் தூக்கிப் போட்டிருக்கும். அதைவிட நல்ல ஷாட் அதனிடம் கையில் இருக்கும். சுமாரான தொடருக்கு அதுதான் கிடைத்தது. ஓர் அத்தியாயத்தில் இப்படி நாலைந்து வந்தால், அந்தக் குழு அங்கே போதுமான நாள் உட்காரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வெயிலில் எடுத்த தூரக் காட்சிகளில் விலங்கு தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும். கானல். ஆயிரம் மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் விலங்கோடு சேர்த்து நடுவில் உள்ள சூடான காற்றையும்தான் பெரிதாக்குகிறோம். எந்த 4கேவும் இதைச் சரிசெய்யாது. அதிகாலையில் எடுப்பதுதான் வழி. இந்த நெளிவு எல்லாக் காட்சியிலும் இருந்தால், குழு மெதுவாக எழுந்து வந்திருக்கிறது!

பெர்னாண்டினாக் காட்சியில் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது கேமராவின் உயரம். குஞ்சின் கண்மட்டத்தில் இருக்கிறது. மேலிருந்து குனிந்து எடுத்திருந்தால் அது மணலில் ஓடும் ஒரு சிறு ஓணான், அவ்வளவுதான். கண்மட்டத்தில் பார்க்கும்போது பின்னால் வரும் பாம்பு தொடுவானத்தை மறைக்கிறது. பெரிய திரை இந்த இடத்தில்தான் தன் வேலையைச் செய்கிறது. விலங்கு நம் அளவுக்கு வந்துவிடுகிறது.

அப்புறம் நான் தேடுவது ஒன்று உண்டு. வேட்டையாடுவதும் வேட்டையாடப்படுவதும் ஒரே சட்டகத்தில் எப்போதாவது வருகின்றனவா? புலி பார்க்கிறது, மான் நிமிர்கிறது, புலி பதுங்குகிறது, மான் ஓடுகிறது என்று மாற்றி மாற்றியே ஒரு காட்சி போனால், அந்தப் புலியும் அந்த மானும் ஒருவரையொருவர் பார்க்காமலே வாழ்ந்து முடித்திருக்கலாம். நிழலின் நீளத்தைப் பாருங்கள், மண்ணின் ஈரத்தைப் பாருங்கள், யானையானால் காதின் கிழிசலைப் பாருங்கள். சிங்கத்தின் மீசைப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி இருக்கும், ஆய்வாளர்கள் அதை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். பெரிய திரையில் இதெல்லாம் தெரிகிறது. தெரிவது வரமா சாபமா என்று எனக்கே சில சமயம் சந்தேகம்.

இகுவானாக் காட்சியில் பாம்பும் குஞ்சும் ஒரே சட்டகத்தில் பலமுறை வருகின்றன. குஞ்சைப் பாம்புகள் சுற்றிப் பிடிப்பதும் அது நழுவி வெளியேறுவதும் கண்முன்னே நடக்கிறது. அப்படியிருந்தும் அந்தத் துரத்தல் முழுவதும் ஒரே குஞ்சினுடையது அல்ல என்று தயாரிப்புத் தரப்பே பின்னர் சொன்னது. இரண்டு கேமராக்கள், வேறு குஞ்சுகளின் துண்டுகளும் சேர்ந்தது. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. வெட்டி ஒட்டிப் பிழைத்த எனக்குத் தெரியும், ஒரே ஓட்டத்தில் எல்லாக் கோணமும் யாருக்கும் கிடைக்காது. அந்தத் தீவில் அந்தப் பாம்புகள் அப்படித்தான் வேட்டையாடுகின்றன என்பது பொய்யில்லையென்றால் எனக்குப் போதும். அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது அவளுக்குப் போதவில்லை. "அப்போ மத்த குஞ்செல்லாம் என்ன மாமா ஆச்சு?" என்றாள். நியாயமான கேள்வி.

மூன்றாம் தடவை, சத்தத்தை அணைத்துவிட்டு.

இது வேகத்துக்கான பார்வை. இசை இருந்தால் வெட்டின் வேகம் தெரியாது, இசை தூக்கிக்கொண்டு போய்விடும். ஊமையாக்கிவிட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை படம் மாறுகிறது என்று சோபாவில் விரலால் தட்டி எண்ணுங்கள். எண்ணிக்கை கூடினாலே மோசம் என்று நான் சொல்லவில்லை, எங்கே கூடுகிறது என்பதுதான் விஷயம். இகுவானாக் காட்சியில் குஞ்சு அசையாமல் நிற்கும் கட்டம் ஒன்று உண்டு. பாம்பு அதன்மேல் ஏறாத குறையாக நெருங்கி ஊர்கிறது. அங்கே படம் அவசரப்படாமல் நிற்கிறது. ஓட்டம் தொடங்கியதும் வெட்டுகள் நெருங்குகின்றன. விலங்கின் மூச்சும் படத்தின் மூச்சும் ஒன்றாக இருக்கின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க, சிறுத்தைகளை, அதாவது சீட்டா என்கிற சிவிங்கிப்புலிகளைப் பற்றிய வேறொரு தொடரை எடுத்தேன். பெயர் வேண்டாம். சிறுத்தை மரநிழலில் படுத்திருக்கும் ஒரு நிமிடத்தில் நான் 31 வெட்டு எண்ணினேன். படுத்திருக்கும் சிறுத்தைக்கு! வால், காது, நகம், கண், வானம், மறுபடி வால். ஒளிப்பதிவில் குறையே இல்லை, ஒவ்வொரு ஷாட்டும் அழகு. ஆனால் எதையும் பார்க்கவிடவில்லை. பிறகு துரத்தல் வந்தது. முழுக்க மெதுவியக்கம், இரண்டரை நிமிடம். போட்ஸ்வானாவில் சிறுத்தைகளுக்குக் கழுத்துப்பட்டை கட்டி அளந்த ஆய்வு 2013இல் வந்தது. சராசரி ஓட்டம் 173 மீட்டர் என்றது. சிறுத்தையின் வேகத்துக்கு அது சில நொடிகளில் முடிந்துபோகும் சமாச்சாரம். மெதுவாகக் காட்டுவது தவறில்லை, தசை எப்படி வேலை செய்கிறது என்று அப்படித்தான் தெரியும். ஆனால் ஒரு தடவையாவது உண்மையான வேகத்தில் காட்ட வேண்டாமா? அந்தத் தொடர் காட்டவே இல்லை. அதைப் பார்த்து முடித்த பிறகும் சிறுத்தை எவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியாது.

பெரிய திரையில் வேகத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு, இதை அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள். இரண்டு மீட்டரில் உட்கார்ந்தால் 65 அங்குலத் திரையின் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குக் கண் நிஜமாகவே பயணம் செய்ய வேண்டும். எடிட்டிங் மேசையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது: முந்தைய ஷாட் முடியும்போது பார்ப்பவரின் கண் எங்கே இருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் அடுத்த ஷாட்டின் முக்கியமான பொருளை வை. கல்யாண வீடியோவில் யாரும் அதைச் செய்ததில்லை, நான் உட்பட. அவள் டிவி முன்னால் நின்றுகொண்டு இகுவானாக் குஞ்சை விரலால் தொட்டுத் தொட்டுத் தொடர்ந்தாள். படம் மாறும்போதும் விரல் பெரிதாக அலைய வேண்டியிருக்கவில்லை. சிறுத்தைத் தொடரில் அதே விளையாட்டை விளையாடிப் பார்த்தாள். விரல் மேலே, கீழே, இந்த மூலை, அந்த மூலை என்று பறந்தது. "மாமா, கை வலிக்குது" என்று உட்கார்ந்துவிட்டாள். கைக்கு வலித்தது போலத்தான் கண்ணுக்கும். சில தொடர்களைப் பார்த்தால் நாற்பது நிமிடத்தில் தலை கனக்கிறது என்று சொல்வார்களே, அதில் ஒரு பங்கு இதற்கு உண்டு. கைபேசியில் பார்த்தால் தெரியாது, முழுப் படமும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும்.

நான்காம் தடவை, கண்ணை மூடிக்கொண்டு.

முதலில் காதில் விழுவது பாம்பு ஊரும் சத்தம், குஞ்சின் கால் மணலில் பதியும் சத்தம். அதில் பெரும்பகுதி ஸ்டுடியோவில் செய்தது. இந்தத் தொடர் மட்டுமல்ல, பெரும்பாலானவை அப்படித்தான். நூறு மீட்டருக்கு அப்பால் நடக்கும் விலங்கை லென்ஸ் பக்கத்தில் கொண்டுவரும், மைக் கொண்டுவராது. பனியில் நடக்கும் சத்தத்துக்குச் சோளமாவு மூட்டையை அழுத்துவது அந்தத் தொழிலில் பழைய வித்தை. எனக்கு அதில் சண்டையில்லை. சிலந்தி நடந்தால் குதிரை நடந்த சத்தம் கேட்கும் தொடர்களோடுதான் சண்டை.

குரலுக்கு வருவோம். வர்ணனையில் நான் கவனிப்பது ஒன்றுதான். படத்தில் தெரிவதைச் சொல்கிறதா, தெரியாததைச் சொல்கிறதா? இகுவானாக் காட்சியில் வர்ணனையாளர் டேவிட் அட்டன்பரோவின் குரல், பாம்பின் பார்வை அவ்வளவு கூர்மையில்லை, ஆனால் அசைவைக் கண்டுபிடித்துவிடும் என்கிற விஷயத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அது படத்தில் தெரியாத செய்தி. அந்த ஒரு செய்தியால்தான் குஞ்சு சும்மா நிற்பதே நமக்குப் பதைபதைப்பாக மாறுகிறது. "குஞ்சு பயந்து நிற்கிறது" என்று சொல்லியிருந்தால் வீண். அது நமக்கே தெரிகிறது, போதாததற்கு உண்மையா என்பதும் யாருக்கும் தெரியாது.

ஒரே படம், இரண்டு குரல் என்று கேட்டுப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. 2006இல் வந்த முதல் 'பிளானட் எர்த்' பிரிட்டனில் அட்டன்பரோ குரலில் வந்தது, அமெரிக்காவில் சிகோர்னி வீவர் குரலில். 'லைஃப்' தொடர் அங்கே ஓப்ரா வின்ஃப்ரே குரலில் வந்தது. படத்தை மாற்றாமல் குரலை மாற்றும்போது காட்சியின் நடையே மாறுவதைக் கேட்கலாம். ஸ்ட்ரீமிங்கில் எந்தக் குரல் முதலில் ஓடுகிறது என்பதை ஆடியோப் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழில் மொழிமாற்றம் செய்த வர்ணனைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "பாம்பு பாய்கிறது" என்று சுருக்கமாகச் சொன்னால் பிழையில்லை. "இத்தனை நேரமும் பொறுமையுடன் காத்திருந்த அந்தப் பாம்பு இப்போது தன் இரையை நோக்கி..." என்று இழுத்தால், 'பாய்கிறது' வருவதற்குள் பாம்பு பாய்ந்து, குஞ்சு தப்பி, படம் வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஆங்கில வரியின் நீளத்துக்குத் தமிழை அடைக்கப் பார்த்து, மூலத்தில் இருந்த மௌனங்களையெல்லாம் தின்றுவிடும் மொழிமாற்றங்களும் இருக்கின்றன. கண்ணை மூடிக் கேட்டால் உடனே தெரியும்: மூச்சுவிட இடமில்லாமல் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார். நல்ல மொழிமாற்றம் ஒரு தகவலைத் துணிந்து விட்டுவிடும்.

விளம்பரம் வரும் சேனல்களுக்காகச் செய்த தொடர்களில் இன்னொரு வினோதம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் திடீரென்று உச்சத்துக்குப் போகும், "குட்டி தப்பிக்குமா?" என்று கேட்கும், உடனே ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்னதையே மறுபடி சொல்லும். நடுவில் விளம்பரம் இருந்த இடம் அது. ஸ்ட்ரீமிங்கில் விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள், தையல் மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் கால் மணி நேரத்தில் இப்படி ஒரு தையல் தட்டுப்பட்டால் நான் நிறுத்திவிடுவேன்.

இப்படி வடிகட்டியதில் எனக்கு மிஞ்சியவை சில. 2006 'பிளானட் எர்த்' எச்டியில் எடுத்தது. நுணுக்கத்தில் இன்றைய தொடர்களுக்கு ஈடாகாது. கிட்டே போய்ப் பார்த்தால் மென்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் வேட்டையாடுவதை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காட்சியில் நாய்கள் பிரிந்து வளைக்கும் முழு வியூகமும் ஒரே சட்டகத்தில் தெரிகிறது. பெரிய திரைக்கென்றே எடுத்த மாதிரி இருக்கிறது. புதிய தொடர்களில் பல, இதைவிடப் பன்மடங்கு நுணுக்கமான கேமராவை வைத்துக்கொண்டு வால் காட்டுகின்றன. இரவுக் காட்சித் தொடர்கள் தனி வகை. அறை விளக்கை அணைக்காமல் அவற்றை எடை போடுவதில் அர்த்தமில்லை, கறுப்புக்குள் கறுப்பாகவே முடிந்துவிடும்.

நடையைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது 2018இல் வந்த 'டைனஸ்டீஸ்'. ஐந்து அத்தியாயம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குடும்பம் அல்லது கூட்டம். ஒரு மணி நேரத்துக்குள் எட்டு விலங்கைக் காட்டும் அவசரம் இல்லை. இரண்டாம் தடவை அந்த முகம் திரைக்கு வரும்போது நமக்கு அடையாளம் தெரிகிறது. முகம் தெரியும் அளவுக்குப் பெரிய திரை இருப்பதன் பயன் அங்கேதான் கிடைத்தது எனக்கு. எம்பரர் பென்குயின் அத்தியாயத்துக்காகச் சிறு குழு ஒன்று அன்டார்க்டிகாவில் ஏறத்தாழ 11 மாதம் இருந்தது. புயலில் சில தாய்கள் குஞ்சுகளோடு ஒரு பள்ளத்தில் சிக்கிக்கொண்டன. தலையிடக் கூடாது என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, குழு பனியில் ஒரு சரிவு வெட்டிக் கொடுத்தது.

அந்த அத்தியாயத்தை முதலில் ஸ்ட்ரீமிங்கில்தான் பார்த்தோம். புயல் தொடங்கியது. திரை முழுக்க பனி. மேலே சொன்னேனே, அதேதான், பென்குயின் கூட்டம் சாம்பல் கட்டங்களாக உடைந்தது. அக்கா மகள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, அங்கெல்லாம் பனி சதுரமாத்தான் விழுமா?" என்றாள். எழுந்து போயிருந்த அக்கா உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

மானம் போனதால் புளூரே வட்டை வரவழைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே அத்தியாயம், அதே புயல். பனி துகள் துகளாக, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பக்கவாட்டில் பறந்தது. முதுகில் பனி அப்பிக்கிடந்த பென்குயின்களின் இறகு எண்ணும்படி தெரிந்தது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் பனியைக் கவனிக்கவே இல்லை. காலடியில் குஞ்சை வைத்துக்கொண்டு அலகால் குத்திக் குத்திப் பள்ளத்திலிருந்து ஒரு தாய் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்கா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. "பேசாம இருடா" என்றாள், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே.